யூ குழாயும் ஒரு வைவாவும்

எங்கள் பௌதிக ஆய்வுகூடத்தின் பின்பக்க மேசையில் யூ குழாய்கள் மரத் தாங்கிகளில் வரிசையாக நிற்கும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் அவை நினைவிருக்கும். முதலில் தண்ணீர் விடுவோம். பிறகு ஒரு புயத்தில் மண்ணெண்ணெயை மெல்ல ஊற்றுவோம். இரண்டும் சந்திக்கும் மட்டத்திலிருந்து அளந்தால் ஒரு பக்கம் 10 சென்ரிமீற்றர் மண்ணெண்ணெய், மறுபக்கம் 8 சென்ரிமீற்றர் தண்ணீர். அந்த மட்டத்தில் இரண்டு பக்கத்து அமுக்கமும் ஒன்று. ஆகவே மண்ணெண்ணெயின் அடர்த்தி தண்ணீரினதில் 0.8 பங்கு. செய்முறைக் கொப்பியில் அரைப் பக்கத்தில் முடிகிற விஷயம்.

எங்கள் சேர் அதை அரைப் பக்கத்தில் முடிக்க விடமாட்டார். ஒருவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, படிப்பிக்காத கணக்கு ஒன்றைச் சொல்லுவார். சோக்கட்டியைக் கையில் தரமாட்டார். "முதல் வாயால சொல்லும். எழுதுறது பிறகு." பேசாமல் நின்றால் அவருக்குப் பிடிக்காது. "பிழையாச் சொன்னீர் எண்டால் நான் திருத்தலாம். ஒண்டும் சொல்லாமல் நிண்டால் நான் எதைத் திருத்துறது?" என்பார். அந்த நாட்களில் கரும்பலகைக்குப் போவது எனக்குப் பெரிய பயம். அந்தப் பயிற்சி எனக்கு எங்கே கைகொடுத்தது என்று பள்ளிக்கூட மலருக்கு எழுதவேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன்.

1998இல் இங்கிலாந்தில் எனது கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை, வைவா, நடந்தது. அத்திவாரத்துக்குக் குழி தோண்டும்போது மணல் நிலத்தில் சுற்றிவர நீரை இறைத்து, நிலத்தடி நீர்மட்டத்தைக் கீழிறக்குவார்கள். எவ்வளவு இறைத்தால் மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதுதான் என் ஆய்வு. இங்கத்தைய வைவாவில் பார்வையாளர் கிடையாது. சிறிய அறை, ஒரு மேசை, உள்ளகப் பரீட்சகர் ஒருவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெளிப் பரீட்சகர் ஒருவர். என் மேற்பார்வையாளர் மூலையில் இருந்தார். அவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டு, மூன்று மணித்தியாலம் போகும்.

இதற்கு முன் ஒரு தடவை நான் சறுக்கியிருந்தேன். முதல் வருட முடிவில், ஆய்வைத் தொடர விடலாமா என்று பார்க்கும் சிறிய வைவா ஒன்று உண்டு. அதில் தெரியாத ஒரு கேள்வி வந்தபோது, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு, நினைவில் வந்த ஒரு சமன்பாட்டைத் தூக்கிப் போட்டேன். அது அந்த இடத்துக்குப் பொருந்தாத சமன்பாடு. மூன்று மாதத்தின் பின் திரும்ப வரச் சொன்னார்கள். அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் நல்ல யோசனைகளும் ஓடின. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரிந்தது என் மௌனமும் ஒரு பிழையான சமன்பாடும் மட்டும்தான். சேர் பள்ளிக்கூடத்தில் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

சரி, 1998க்கு வருகிறேன். ஒன்றரை மணித்தியாலம் ஒழுங்காகப் போனது. அப்புறம் வெளிப் பரீட்சகர் என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் குழி கடற்கரையோரம் இருக்கிறது என்று வையுங்கள். நிலத்துக்குக் கீழே கடல்நீர் இருக்கிறது, அதற்கு மேலே மழையால் வந்த நல்ல தண்ணீர். நீங்கள் நீர்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால் கீழே என்ன நடக்கும்?"

நான் கடற்கரை நிலத்தைப் பற்றி ஒரு கட்டுரைகூட வாசித்திருக்கவில்லை. என் மாதிரிகள் எல்லாம் உள்நாட்டு மணல். அடியில் நீர் புகாத களிமண். நெஞ்சு அடித்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸைப் பிடித்தேன், குடிக்கவில்லை. "இது நான் ஆராயாத நிலைமை, விடை எனக்கு நேரே தெரியாது. தெரிந்த இடத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் வெற்றுத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

முதலில் கேள்வியை என் சொற்களில் திருப்பிச் சொன்னேன். அதிலேயே இரண்டு கேள்விகள் இருப்பது தெரிந்தது. இறைக்கத் தொடங்குமுன் நல்ல தண்ணீருக்கும் கடல்நீருக்கும் இடையிலான எல்லை எங்கே இருக்கும் என்பது ஒன்று. இறைத்தபின் அது எங்கே போகும் என்பது மற்றது. "முதல் பகுதியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்று எடுக்கலாமா?" என்றேன். "எடுங்கள்" என்றார். பாதிச் சிக்கல் அந்த ஒரு சொல்லில் குறைந்தது.

அசையாத இரண்டு திரவங்கள், வேறு வேறு அடர்த்தி. தாளில் என் கை தானாகவே ஒரு யூ குழாயைக் கீறியது. ஒரு புயம் கடல், மறு புயம் நிலம். கடல் பக்கத்தில் உப்புநீர், நிலத்தின் பக்கத்தில் மேலே நல்ல நீர். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே h உயரம், எல்லை கடல்மட்டத்துக்குக் கீழே z ஆழம் என்று பெயர் வைத்தேன். நல்ல நீர் ஒரு கன மீற்றர் 1000 கிலோகிராம், கடல்நீர் சுமார் 1025. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே எழுதினேன்.

இங்கே ஒரு பிழை விட்டேன். நல்ல நீரின் நிரலை z என்றே எடுத்துவிட்டேன், மேலே இருக்கும் h-ஐச் சேர்க்கவில்லை. சமன்பாட்டின் ஒரு பக்கம் 1000 z, மறுபக்கம் 1025 z. "இது z பூச்சியம் என்கிறது. நல்ல நீரே இல்லை என்று வருகிறது, அப்படி இருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தேன். பரீட்சகர் குறுக்கிடவில்லை. நல்ல நீரின் நிரல் நீர்மட்டத்திலிருந்து எல்லை வரைக்கும், அதாவது h + z.

1000 × (h + z) = 1025 × z

z = 1000 × h ÷ 25 = 40 × h

நாற்பது மடங்கு! எண் பெரிதாக இருந்ததால் நம்ப யோசனையாக இருந்தது. "ஒரு தடவை சரிபார்க்கிறேன்" என்றேன். இரண்டு நீரின் அடர்த்தியும் கிட்டக் கிட்ட வந்தால் z பெருத்துக்கொண்டே போகவேண்டும், ஏனென்றால் தாங்கிப் பிடிக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் 25 என்பது கீழே வகுக்கிற இடத்தில்தான் நிற்கிறது, ஆகவே அப்படித்தான் நடக்கும். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 30 சென்ரிமீற்றர் நின்றால், நல்ல நீர் கடல்மட்டத்துக்குக் கீழே 12 மீற்றர் வரைக்கும் போகும். 10 சென்ரிமீற்றர் இறங்கினால் உப்பு 4 மீற்றர் ஏறும்.

அந்த 4 மீற்றரைச் சொன்ன கணத்தில் எனக்கு எங்கள் வளவுக் கிணறு கண்ணுக்கு முன்னால் வந்தது. கோடையில் மிசின் பூட்டித் தோட்டத்துக்கு இறைக்கும்போது அம்மம்மா கிணற்றுக்கட்டில் வந்து நின்று, "வத்த இறைக்காதேங்கோ, தண்ணி சவர்ப் பிடிச்சிடும்" என்று சத்தம் போடுவா. யாழ்ப்பாணம் வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு. சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரி மழை இறங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நான் பதினெட்டு வருடம் குடித்ததும் குளித்ததும் இந்தச் சமன்பாட்டின் h-க்குள்தான். இதையும் பரீட்சகரிடம் சொன்னேன். எண் சரியா என்று அது நிரூபிக்காது, ஆனால் திசை சரி என்று காட்டுகிறது என்றேன்.

அவர் விடவில்லை. "அப்படியென்றால் ஒரு மீற்றர் இறக்கிய அன்றைக்கே உப்பு 40 மீற்றர் ஏறிவிடுமா?"

இது இரண்டாம் பகுதி, இதற்கு யூ குழாய் போதாது. அதைத்தான் முதலில் சொன்னேன்: "என் கணக்கு எல்லாம் ஓய்ந்து சமநிலைக்கு வந்தபின் உள்ள நிலை. எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. எதில் தங்கியிருக்கும் என்று சொல்லலாம்." எல்லை ஏறுவதென்றால் அவ்வளவு நல்ல நீர் இடம்விட்டுப் போகவேண்டும், மணலின் இடைவெளிகளுக்குள்ளால் அது மெதுவாகத்தான் நகரும். அன்றைக்கே நடக்காது. ஆனால் இறைக்கும் கிணற்றுக்கு நேர் கீழே மட்டம் கூடுதலாக இறங்குவதால், அங்கே மட்டும் உப்புநீர் ஒரு கூம்பு போல மேலெழும்பும், அது முந்திவிடும். வேலைத்தளத்தில் அதை அறிய, பக்கத்தில் ஒரு துளை போட்டு, வெவ்வேறு ஆழத்தில் நீரின் மின்கடத்துதிறனை வாரம் தோறும் அளப்பேன். மேலே நீர் நன்றாகவே இருக்கும்போது கீழே எண் உயரத் தொடங்கினால் கூம்பு வருகிறது என்று அர்த்தம். கத்தியால் வெட்டினது போன்ற எல்லை உண்மையில் இராது, இரண்டும் கலந்த ஒரு பட்டைதான் இருக்கும் என்றும் சொன்னேன்.

"கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டதில்லையா?" என்றார். இல்லை என்றேன். ஒருவர் டச்சுக்காரர், மற்றவர் ஜெர்மானியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருவரும் தனித்தனியே கண்ட உறவு இது என்று, பெயர்களை என் தாளின் மூலையில் எழுதித் தந்தார். நான் விடை என்று நினைத்ததற்கு நூறு வருடமாகப் பெயர் இருந்திருக்கிறது.

அதே வைவாவில் இன்னொரு கேள்விக்கு இப்படி எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் பயன்படுத்திய ஒரு சோதனைமுறையை முதலில் எந்த நாட்டு நியமத்தில் சேர்த்தார்கள் என்று உள்ளகப் பரீட்சகர் கேட்டார். அது தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் யோசித்து வராது. "தெரியாது, பார்த்துச் சேர்க்கிறேன்" என்றேன், அவர் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பிடித்துக்கொள்ள ஒரு விதியும் இல்லாத கேள்வியில் வாய்விட்டு யோசிக்கப் போனால் அது ஊகம்தான். கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சிறு திருத்தங்களோடு ஆய்வேடு ஏற்கப்பட்டது. திருத்தப் பட்டியலில் ஒன்று, கடற்கரை நிலத்தில் இந்த மாதிரி எங்கே பொருந்தாது என்று ஒரு பந்தி சேர்க்கவேண்டும் என்பது. அந்தத் தாளில் கீறின படத்தைத்தான் துப்புரவாக்கிப் போட்டேன்.

அதன் பிரதி ஒன்றைச் சேருக்கு அனுப்பினேன். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. நீலப் பேனை, அதே சாய்ந்த எழுத்து. வாழ்த்து ஒரு வரி. கீழே: "நாற்பது சரி. ஆனால் தம்பி, உம்முடைய படம் மணலுக்கு. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே வெடிப்பும் பொந்தும் இருக்கு. நிலாவரைக் கிணற்றை யோசித்துப் பாரும், மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. வெடிப்புக்குள்ளாலே உப்பு எப்படி வரும்?"

அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள சேர், இது எனக்கு நேரே தெரியாது. வெடிப்பு ஒன்றை ஒரு ஒடுங்கிய குழாய் என்று முதலில் எடுத்துப் பார்க்கிறேன். மணலைவிட அதற்குள் தண்ணீர் விரைவாக ஓடும், ஆகவே இறைக்கத் தொடங்கினால்..."