“விலகினா, பென்ஷன்ல கம்பெனி போடுற பங்கு கைக்கு வந்துடும்ல, அண்ணா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே சொல்லில் பதில் இருந்தது. “வராது.” அதை நான் சொல்லவில்லை. “அது பென்ஷன் நிறுவனத்துக்கிட்ட கேட்டுக்கோங்க, மா” என்றேன்.

பெருங்குடியில் உட்கார்ந்து பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சம்பளம் போடுகிற வேலை எனக்கு. அழைத்தவர் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்து இரண்டாவது சம்பளம் வாங்கியிருந்தார். என் பெயரைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார். வில்லிவாக்கத்துப் பேச்சு.

“59 பவுண்டு பிடிச்சிருக்காங்கண்ணா. நான் கேக்கவே இல்லையே?”

கேட்க வேண்டியதில்லை, அதுதான் அந்தச் சட்டம். 22 வயது நிறைந்து, ஓய்வூதிய வயதை எட்டாமல், ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கினால் முதலாளியே பென்ஷனில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்பவர்தான் வாயைத் திறக்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகவே சொன்னேன். சேர்ந்த கடிதம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்தது திரும்ப வரும் என்றும் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நம் ஊரில் சிடிசி என்று ஒரே தொகை பேசி, முதலாளியின் பிஎஃப் பங்கையும் அதற்குள் அடக்குகிற வழக்கம் உண்டு. என் முதல் வேலையில் அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தது. அதற்குமுன் பிஎஃப் கணக்கும் கிடையாது. படிவம் 11-ல் கையெழுத்துப் போட்டு பிஎஃப்புக்கு வெளியே நின்றேன். கம்பெனி பங்கு ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்ற பெயரில் கைக்கே வந்தது. அந்தக் கணக்கோடு லண்டன் விமானம் ஏறியவர் வேறெப்படிக் கேட்பார்?

அங்கே அது நடக்காது. ‘விலகினால் அந்தப் பணத்தைச் சம்பளத்தில் தருகிறேன்’ என்று முதலாளி சொன்னாலே அது ஆசை காட்டி விலக்குவது, சட்டம் தடுத்திருக்கிறது. விலகும் படிவத்தைக்கூட முதலாளி நீட்ட முடியாது, பென்ஷன் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். முதல் நாளே படிவத்தைத் திணித்துக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாதே.

அவர் கணக்கைப் பிறகு எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். மாதச் சம்பளம் 2,000 பவுண்டு. முதல் 520 கணக்கில் சேராது, மீதி 1,480. அதில் 5 சதவீதம் அவர் பங்கு, 74 பவுண்டு. ஆனால் அவர் கையிலிருந்து போவது 59.20தான், மீதி 14.80 வரிச்சலுகையாக அரசு போடுவது. முதலாளியின் 3 சதவீதம் 44.40. ஆக மாதம் 118.40 சேரும். விலகினால் கைக்கு வருவது 59.20, அவ்வளவுதான். மற்ற பாதி எங்கும் வராது, இல்லாமலே போகும்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? ‘ஆலோசனை சொல்லக் கூடாது’ என்பது எங்கள் மேசை விதி. எதில் முதலீடு செய்யலாம் என்பது ஆலோசனை. கம்பெனி பங்கு வருமா என்பது தகவல். அந்த வித்தியாசம் அன்றும் எனக்குத் தெரியும். அழைப்பைப் பதிவு செய்கிறார்களே என்ற பயத்தில் தெரியாதவன்போல இருந்துவிட்டேன். கடிதத்தில் எல்லாம் போட்டிருக்கிறது என்று சமாதானம் வேறு. சம்பளம் போடுகிற நானே என் கடிதங்களைப் படிப்பதில்லை.

ஆனால் வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார்: “ஏஜெண்டுக்குக் கட்டின காசு ரெண்டு வட்டிண்ணா.” மாதம் நூற்றுக்கு இரண்டு. அந்த வட்டிக்குக் கடன் குட்டி போட்டால் சுமார் மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும். பென்ஷனில் போட்ட அன்றே பணம் இரட்டிப்பாகிறது, சரிதான். ஆனால் அதைத் தொட 55 வயதாக வேண்டும், 2028 ஏப்ரலிலிருந்து 57. வீட்டு வாசலில் நிற்கிற கடன்காரனிடம் அதைக் காட்ட முடியாது. நான் சொல்லியிருந்தாலும் விலகித்தான் இருப்பாரோ? இருக்கலாம். தெரிந்து விலகியிருப்பார்.

கெடுவுக்குள் விலகல் அறிவிப்பு வந்தது. அந்த 59.20-ஐத் திருப்பிப் போட்டதும் நான்தான். நினைத்தால் எழுதிக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேரலாம். அதையும் நான் சொல்லவில்லை.

விலகியவர்களை ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சேர்க்க வேண்டும் என்பதும் சட்டம். இந்த முறை பட்டியல் தயாரித்தபோது அவர் எண் அதில் இருந்தது. அதற்குள் கம்பெனி பங்கும் வரிச்சலுகையுமாகப் போனது 2,100 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். கடிதம் போனது. அடுத்த மாதம் வந்த விலகல் கோப்பில் முதலில் அவர் எண்ணைத்தான் தேடினேன். இல்லை.

கடன் அடைந்துவிட்டதா, கடிதத்தைப் பிரிக்கவே இல்லையா, கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழைத்துக் கேட்க எண் திரையிலேயே இருந்தது.