ஒரு பிரிண்டர், நாலு கம்ப்யூட்டர்: ஹெச்.எம்.மிடம் கொடுத்த திட்டம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் முப்பரிமாண பிரிண்டர் வைக்க அனுமதி கேட்டோம். விலைப்பட்டியலை ஹெச்.எம். அவ்வளவாகப் பார்க்கவில்லை. "ஒரே மெஷின், 24 பிள்ளைங்க. எப்ப அடிச்சு முடிப்பீங்க?" என்றார். ஆகவே திட்டத்தின் முதல் பக்கமே நேரக் கணக்காயிற்று.

முதல் பாடத்துக்குச் சாவி வில்லை. 50 மி.மீ. நீளம், 20 அகலம், 3 கனம். உள்ளே இடைவெளி விடாமல் அடித்தாலும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 4 கிராமுக்குள் முடியும். நேரம் அரை மணிக்குள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், ஒரு அணிக்கு எட்டுப் பேர், ஆக நாலு வில்லை. நாலையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டு மணி நேரம். மூன்று அணிக்கு மூன்று காலை போதும். பன்னிரண்டையும் ஒன்றாக வைக்கலாமே என்று தோன்றும். ஒன்று தட்டை விட்டுப் பெயர்ந்தாலே மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நாலோடு நிறுத்தினோம். ஒரு கிலோ சுருளில் வீணாவது போக 200 வில்லை தாராளமாக வரும்.

பாடத்துக்கு, வடிவத்தை வரிகளாக எழுதி உருவாக்கும் ஓப்பன்ஸ்கேட் மென்பொருள் போதும். இன்டர்நெட் வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

```
difference() {
  cube([50, 20, 3]);
  translate([6, 10, -1])
    cylinder(d=5, h=5, $fn=40);
}
```

துளை -1இல் தொடங்கி மேலேயும் 1 மி.மீ. நீள்கிறது, கவனியுங்கள். சரியாக 0 முதல் 3 வரை கொடுத்தால் இரண்டு பரப்பும் ஒட்டிக்கொண்டு, துளை அடைபட்டதுபோலத் திரையில் மினுங்கும். பிள்ளைகள் குழம்பும் இடம் இதுதான்.

இடத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் ஜன்னல் வழியே நேராக அடிக்கும். அடிக்கிற பொருளின் மேல் அடுக்கு சட்டென்று குளிர்ந்து சுருங்க, தட்டிலிருந்து மூலை தூக்கும். நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தாலே நிறுத்திவிடுவது நல்லது. அதனால் மூலைச் சுவரோரம் மேசை, ஃபேனுக்குக் கீழே கூடாது.

"கரண்ட் போனா?" என்றும் கேட்டார். வந்ததும் விட்ட இடத்தில் தொடரும் வசதி மெஷினில் உண்டு. ஆனால் தட்டு ஆறிவிட்டால் பொருள் கழன்றுவிடும், அப்புறம் தொடர்ந்தும் பயனில்லை. சூடாகும் தட்டோடு சேர்த்து 350 வாட் வரை இழுக்கும் மெஷினை கம்ப்யூட்டர் யு.பி.எஸ். சில நிமிஷம்தான் தாங்கும். எனவே இரண்டு மணிக்கு மேல் ஓடும் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். இழையை உருக்கிவிடும் முனை 200 டிகிரியில் இருப்பதால் ஆள் இல்லாமல் ஓட்டுவதில்லை, இரவில் கிடையவே கிடையாது என்ற வரியையும் அவரே சேர்க்கச் சொன்னார்.

0.4 மி.மீ. பித்தளை முனை ஐந்தை முதல் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாக அத்தனை சின்னத் தொகைக்கு பி.டி.ஏ.வில் பில் பாஸ் பண்ணுவது பெரும்பாடு.