சோலி, உத்தியோகம், தொழில்: பிளஸ் டூ முடிக்கையில் கேட்ட ஒரு பேச்சு

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரிடம் "என்ன சோலி பாக்கீங்க?" என்று கேட்டால் பதில் எதுவாகவும் இருக்கலாம். ரப்பருக்குப் பால் வெட்டுகிறவர் முதல் தாலுகா ஆபீஸ் கிளார்க் வரை எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்ததும் கையில் வந்த படிவங்கள் அப்படி இல்லை. ஒன்றில் ஆக்குபேஷன் என்று கேட்டார்கள், இன்னொன்றில் புரொஃபஷன், வேறொன்றில் ஜாப் டைட்டில். தமிழ் மீடியத்தில் படித்த நாங்கள் எல்லாவற்றுக்கும் "தொழில்" என்று ஒரே அர்த்தம் படித்திருந்தோம். ஆங்கில நோட்ஸில்கூட இவற்றையெல்லாம் ஒரே வரியில், சம அர்த்தச் சொற்கள் என்று போட்டிருந்தார்கள்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு வந்த ஓர் அதிகாரி. நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தொழில்நெறி வழிகாட்டல் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால், எந்த காலேஜ், எந்த கோர்ஸ் என்று சொல்வார் என எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவரோ கரும்பலகையில் ஜாப், ஆக்குபேஷன், புரொஃபஷன், கரியர், வொக்கேஷன் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் "ஒரு நர்ஸ்" என்று மட்டும் எழுதினார். எங்கள் வகுப்புப் பெண்களில் பலர் நர்சிங் போக நினைத்திருந்தார்கள், அதனால் சபை உடனே அமைதியானது.

ஜாப் என்றால், இந்த ஆஸ்பத்திரியில், இந்த வார்டில், இந்தச் சம்பளத்துக்கு அவர் பார்க்கும் வேலை. ஆக்குபேஷன் என்றால், அதே மாதிரி வேலை பார்க்கும் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் வகை. இதற்கென்றே மத்திய அரசு ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது, தேசியத் தொழில் வகைப்பாடு என்று பெயர். அவர் அன்று மேஜையில் வைத்திருந்தது 1968 பதிப்பு. இப்போது 2015 பதிப்பு இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நம்மைப் பதியும்போது போடும் எண் அதிலிருந்து வருவதுதான். புரொஃபஷன் என்பதற்கு அவர் சொன்ன அடையாளம் இன்றும் எனக்கு உதவுகிறது: ஏதோ ஒரு கவுன்சில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும், அதில் பெயர் ஏற வேண்டும், தவறு செய்தால் அந்தப் பெயரை அடிக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கும். டாக்டர், வக்கீல், நர்ஸ் எல்லாரும் அப்படி. கரியர் என்பது ஜாப்கள் வந்த வரிசை, ஒன்று அடுத்ததற்குப் படியாக அமைகிறதா என்பது.

அப்புறம் டஸ்டரை எடுத்தார். "ஆஸ்பத்திரியை மூடியாச்சு" என்று சொல்லி ஜாப்பை அழித்தார். மற்ற நான்கும் அப்படியே நின்றன. "கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க" என்று புரொஃபஷனை அழித்தார். கை வேலை மறக்கவில்லை, சர்டிபிகேட் கைவசம் இருக்கிறது, ஆனாலும் நர்ஸாக வேலைக்குச் சேர முடியாது. "கல்யாணம், குழந்தைன்னு கொஞ்ச வருஷம் வீட்டுல இருந்தாங்க" என்று கரியருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கோட்டில் நடுவே மட்டும் அழித்தார். முன்னும் பின்னும் கோடு இருந்தது. அந்த இடைவெளிக்கு அடுத்த இண்டர்வியூவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றார். ஒன்று போனால் எல்லாம் போச்சு என்று பயப்படுகிற வயதில் அதைப் பார்த்தது எனக்குப் பெரிய தெளிவு.

வொக்கேஷனை அவர் கடைசிவரை அழிக்கவில்லை. லத்தீனில் "அழைப்பது" என்ற சொல்லிலிருந்து வந்தது, முதலில் துறவு வாழ்க்கைக்கான அழைப்பைக் குறித்தது என்றார். கான்வென்ட் அருகே வளர்ந்த எங்களுக்கு "இறை அழைத்தல்" பழக்கமான பேச்சு என்பதால் உடனே புரிந்தது. ஆனால் எங்கள் பள்ளியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. வொக்கேஷனல் குரூப் என்றால் மார்க் குறைந்தவர்களுக்கு என்றே எல்லாரும் பேசினார்கள். மோட்டார் சுற்றும் பாடம் எடுத்த பையன்களைப் பார்த்து அவர், "உங்க குரூப்புக்குத்தான் இந்தப் பேர் வச்சிருக்கு, மத்தவங்களுக்கு இல்லை" என்றார். அப்படி ஒருவர் சபையில் சொல்லி அவர்கள் கேட்டது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

கேள்வி கேட்கச் சொன்னபோது குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க அப்பா தொழிலுக்குப் போறாவ. அது இதுல எது?" கடற்கரையில் தொழில் என்றாலே கடலுக்குப் போவதுதான். அதிகாரி அவசரப்படவில்லை. முதலாளி இல்லாவிட்டாலும் சொந்தமாகச் செய்யும் வேலையும் ஜாப் கணக்கில் சேரும், வகைப்பாட்டில் மீன்பிடிக்குத் தனி இடம் இருக்கிறது, ஆகவே ஆக்குபேஷன் உறுதி என்றார். "அப்பா பாரை எப்படிக் கண்டுபிடிக்காங்க?" என்று திருப்பிக் கேட்டார். பார் என்றால் கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வரப் பார்த்து, வேறு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளத்தையும் சேர்த்து, இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் வலை போடுவார் என்று பையன் சொன்னான். "அந்த அறிவுக்கு எந்த கவுன்சிலும் பட்டியல் வைக்கல. அதனால சட்டப்படி புரொஃபஷன் இல்ல. அறிவு குறைவுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல" என்றார். அந்த வித்தியாசத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

சவூதி வந்த பிறகுதான் அந்தக் கரும்பலகையின் முழு மதிப்பு தெரிந்தது. இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டையான இக்காமாவில் "மிஹ்னா" என்று ஒரு வரி இருக்கிறது. நாம் அதைத் தொழில் என்று வாசிக்கிறோம். நம் மாவட்டத்துத் தம்பி ஒருவர், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர், சுமை தூக்கும் தொழிலாளி என்று போட்ட விசாவில் வந்தார். ஏஜெண்ட், "விசா எதுவானா என்ன, வேலை எலக்ட்ரீஷியன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உண்மையிலேயே பேனல் போர்டு வேலைதான் பார்த்தார். ஜாப் சரியாக இருந்தது. ஆனால் ஆக்குபேஷன் தவறாக எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தை அழைக்க விண்ணப்பித்தபோது மிஹ்னாவைப் பார்த்தே தடை வந்தது. வேறு கம்பெனிக்குப் போக முயன்றபோது அனுபவச் சான்றிதழில் இருந்த வேலையும் இக்காமாவில் இருந்த வேலையும் ஒத்துப்போகவில்லை. பார்த்த வேலை அவருடைய கரியரில் ஏறாமலே நின்றது.

எஞ்சினியர் என்று மிஹ்னா போட வேண்டுமானால் சவூதி பொறியாளர் கவுன்சிலில் பதிவு வேண்டும், நர்ஸுக்கு அதற்கான ஆணையத்தில் பதிவு வேண்டும். புரொஃபஷன் என்றால் பெயர்ப் பட்டியல் என்று அந்த அதிகாரி சொன்னது இங்கே அப்படியே நடைமுறை.

இந்த வருடம் பள்ளி முடிக்கும் பிள்ளைகளிடம் நம் சங்கத்தின் சார்பில் பேசப் போகிறவர்கள் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டுக்கு வருகிறவர் ஏஜெண்ட் வாயால் சொன்ன வேலையை மட்டும் நம்பக் கூடாது. விசா நகலில் தொழில் என்று என்ன எழுதியிருக்கிறது என்று அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்னால். ஒப்பந்தத்திலும் அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே தவறான மிஹ்னாவில் வந்துவிட்டவர்கள் மாற்ற முடியும், ஆனால் அதற்குக் கம்பெனிதான் கிவா என்ற சவூதி அரசின் தொழிலாளர் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோ சான்றிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தால் கம்பெனியிடம் கேட்பது கொஞ்சம் சுலபம். ஊரில் பீரோவில் பூட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.