அக்கிக்காக எழுதிய விடுப்புக் கடிதம்

திங்கட்கிழமை காலையில் கழுத்தின் வலது பக்கம் லேசாக எரிந்தது. தலையணை சரியில்லை, சுளுக்கிக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு அலுவலகம் போனேன். செவ்வாய்க்கிழமை சட்டைக் காலர் பட்டாலே ஊசி குத்துவது போல இருந்தது. தோலிலோ ஒன்றுமே இல்லை. புதன் இரவு சிவப்பாகத் தடித்தது. வியாழன் காலை கண்ணாடியில் பார்த்தால், காதுக்குக் கீழிருந்து தோள் வரை கொத்துக் கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று அன்றும் வேலைக்குப் போய்விட்டேன். அது தப்பு. பிறகு எழுத வேண்டியிருந்த கடிதத்தைச் சிக்கலாக்கியதும் அந்த ஒரு நாள்தான்.

அன்று மாலை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், அக்கி என்று. ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக வந்திருப்பதும், உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாததும், கொப்புளத்துக்கு முன்பே வலி வந்ததும் அதற்கு அடையாளமாம். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பிலேயே தூங்கிக்கொண்டிருந்து, பல வருடங்கள் கழித்து அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு வருவதுதான் அக்கி. தடிப்பு வந்து 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவது நல்லது என்று அன்றே எழுதிக்கொடுத்தார். நாளுக்கு ஐந்து வேளை மாத்திரை, ஏழு நாள். வலிக்குத் தனியாக ஒன்று. அதைப் போட்டால் தூக்கம் வரும் என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இது ஒட்டுமா டாக்டர்?" என்பதுதான். அவர் சொன்ன பதிலை அன்றைக்கே ஒழுங்காக மனதில் வாங்கியிருந்தால் பாதிக் குழப்பம் மிச்சமாகியிருக்கும். என்னிடமிருந்து யாருக்கும் அக்கி ஒட்டாது. ஆனால் சின்னம்மை வராதவர், அதற்குத் தடுப்பூசியும் போடாதவர் ஒருவர் மேல் கொப்புளத்து நீர் பட்டால், அவருக்குச் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை இந்த ஆபத்து உண்டு. அதற்குச் சாதாரணமாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு முந்தைய நாட்களில் ஒட்டாது. விலாவில் சட்டைக்குள் மறைந்திருந்து, எனக்கும் தெம்பு இருந்திருந்தால், நன்றாக மூடிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றே சொல்லியிருப்பாராம். என்னுடையது கழுத்தில். கட்டுப் போட்டால் நிற்காது, காலர் உரசி உடையும். அதனால் வீட்டில் ஓய்வு.

வீட்டுக்கு வந்ததும் மேலாளருக்குச் செல்போனில் அனுப்பியது இதுதான்: "சார், எனக்குத் தோலில் ஒரு தொற்று. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். சில நாள் விடுப்பு வேண்டும்." இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "என்ன தொற்று? ஒட்டுமா? இன்று மதியம் மீட்டிங்கில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? சில நாள் என்றால் எத்தனை நாள்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. தோல், தொற்று என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துப் போட்டுவிட்டு வேறெதுவும் சொல்லாமல் விட்டால், படிப்பவர் தன் கையைத்தான் முதலில் பார்ப்பார்.

சரி, முறையாக எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம் போனது. திங்கட்கிழமை எரிச்சலில் தொடங்கி மாத்திரையின் பெயர், அளவு வரை எல்லாம் இருந்தது. கழுத்தின் படத்தையும் இணைக்கலாமா என்று யோசித்தேன். மனைவி படித்துவிட்டு, "இது லீவு லெட்டரா, கேஸ் ஷீட்டா? உங்கள் கழுத்தைப் பார்த்து அவர் என்ன செய்யப்போகிறார்?" என்றாள். படம் போயிற்று, மாத்திரைகளும் போயின. ஆனால் நோயின் பெயரை எடுப்பதா வைப்பதா என்பதில்தான் ரொம்ப நேரம் தடுமாறினேன். வெறும் வயிற்றுவலி என்றால் பெயர் சொல்லத் தேவையில்லை. உடல்நலம் சரியில்லை என்பதே போதும். இங்கே அப்படி மறைத்தால், என்னோடு வியாழக்கிழமை உட்கார்ந்திருந்தவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெயரை வைத்தேன்.

அடுத்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. பக்கத்து மேசையில் இருக்கும் தோழி மூன்று மாதக் கர்ப்பிணி. எனக்கும் இன்னும் ஓரிருவருக்கும்தான் தெரியும். மேலாளரிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் தொல்லை ஆகலாம் என்று மருத்துவர் குறிப்பாக எச்சரித்திருந்தார். என் முதல் வரைவில் அவர் பெயரைப் போட்டு, "அவர் கர்ப்பமாக இருப்பதால் உடனே பரிசோதிக்கச் சொல்லவும்" என்று அக்கறையோடு எழுதியிருந்தேன். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போன பிறகுதான் உறைத்தது: என் விடுப்புக் கடிதத்தில் இன்னொருவருடைய செய்தியை நான் அறிவித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை அழித்துவிட்டு, முதலில் அவருக்கே போன் செய்தேன். சின்னம்மை வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டாரா என்று நினைவில்லை என்றார். காலையிலேயே மருத்துவரைக் கேளுங்கள், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று எனக்குச் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். கடிதத்தில் பெயரில்லாத பொதுவான ஒரு வரி மட்டும் இடம்பெற்றது.

கடைசியில் போனது இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மருத்துவ விடுப்பு, 14ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை (7 நாட்கள்).

எனக்குக் கழுத்தில் அக்கி வந்திருப்பதாக நேற்று மாலை மருத்துவர் உறுதி செய்தார். கொப்புளங்கள் காயும்வரை, சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவருக்கு என்னிடமிருந்து சின்னம்மை தொற்ற வாய்ப்பு உண்டு. கழுத்தில் இருப்பதால் முழுவதுமாக மூடிவைக்க இயலவில்லை. எனவே வீட்டிலேயே ஓய்வெடுக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். சான்றிதழை இணைத்துள்ளேன்.

13ஆம் தேதி கொப்புளங்களுடன் அலுவலகத்தில் இருந்தேன். அப்போது எனக்கு விவரம் தெரியாது. பெரும்பாலும் கொப்புளத்து நீர் நேரடியாகப் பட்டால்தான் தொற்றும். சின்னம்மை வந்தவர்களோ தடுப்பூசி போட்டவர்களோ கவலைப்பட வேண்டியதில்லை. மற்றவர்களும், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. இதைக் குழுவுக்குத் தெரிவிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாத இறுதி அறிக்கையின் வரைவு பொதுக் கோப்புறையில் உள்ளது. கடைசி இரண்டு பட்டியல்கள் மட்டும் பாக்கி. அவசரமென்றால் மாலையில் அழைக்கலாம். மருந்தினால் தூக்கம் வருவதால் உடனே பதில் சொல்ல இயலாமல் போகலாம். 20ஆம் தேதி மருத்துவரைப் பார்த்துவிட்டு, 21ஆம் தேதி வர முடியுமா என்பதை அன்று மாலையே தெரிவிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,"

கீழே பெயர், பணியாளர் எண்.

அந்தத் தேதி வரிக்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. மருத்துவர் முதலில் கொடுத்த சீட்டில் "தோல் தொற்று, ஒரு வாரம் ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தது. அலுவலகத்துக்கு எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று வேண்டுமே என்று கேட்டு, நோயின் பெயரோடு 14 முதல் 20 வரை என எழுதி வாங்கினேன். அவ்வளவு சாமர்த்தியமாக வாங்கிவிட்டு, என் கடிதத்தில் 14 முதல் 21 வரை என்று எழுதி, அடைப்புக்குள் 7 நாட்கள் என்றும் போட்டுவிட்டேன். 14ஓடு ஏழைக் கூட்டினால் 21தானே! தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது மனிதவளப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பியபோதுதான் புரிந்தது. சான்றிதழில் ஏழு நாள், கடிதத்தில் எட்டு நாள். எட்டாவது நாளுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். மேலே இருப்பது திருத்திய கடிதம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றும் முதலில் எழுதியிருந்தேன், நல்ல பெயர் வாங்கும் ஆசையில். அதையும் எடுத்தேன். ஓய்வு என்று சான்றிதழ் சொல்லும் நாளில் நான் வேலை செய்தால், அது விடுப்பா வேலையா என்று கணக்கு எழுதுபவருக்குக் குழப்பம். தவிர, மாத்திரை போட்ட முதல் நாளே மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அந்த நிலையில் பட்டியலில் கை வைத்திருந்தால் இன்னொருவர் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மேலாளர் அதன் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "குழுவுக்கு உங்கள் இரண்டாவது பத்தியை அப்படியே அனுப்பிவிட்டேன், ஓய்வெடுங்கள்" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

16ஆம் தேதி வரை புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தன. அதன் பிறகு பழையவை மஞ்சளாகி, சுருங்கி, காயத் தொடங்கின. 20ஆம் தேதி போனபோது தோள்பக்கம் முழுக்கப் பொருக்குத் தட்டியிருந்தது. காதுக்குக் கீழே இரண்டு மட்டும் இன்னும் பளபளவென்று நீரோடு இருந்தன. இரண்டுதானே என்றேன். மருத்துவர் விடவில்லை, எல்லாம் காய வேண்டும் என்று இன்னும் இரண்டு நாள் எழுதினார். நீட்டிப்புக் கடிதம் மூன்றே வரி: முந்தைய கடிதத்தின் தேதி, "இரண்டு கொப்புளங்கள் காயாததால் 21, 22 ஆகிய இரு நாட்களுக்கு விடுப்பை நீட்டிக்க வேண்டுகிறேன்", இணைப்பில் புதுச் சான்றிதழ். இந்த முறை விரல் விட்டு எண்ணினேன்.

தோழியின் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்தது. நான்கு வயதில் சின்னம்மை வந்து வீட்டையே அலறவிட்டதாக அவர் அம்மா பிறகு நினைவுபடுத்தினாராம்.

24ஆம் தேதி திங்கட்கிழமை, உடல் தகுதிச் சான்றிதழோடு அலுவலகம் போனேன். பொருக்கு உதிர்ந்த இடத்தில் சிவப்புத் தழும்பு, உள்ளே இன்னும் வலி. காலர் இல்லாத சட்டையில் என்னைப் பார்த்த மேலாளர் கை நீட்டினார். அப்புறம் ஒரு நொடி தயங்கி, "இப்போது கொடுக்கலாம்தானே?" என்று கேட்டார்.