குழந்தைக்கு எந்த வடிவில் வெட்டிக் கொடுத்தோம்

ஆறு மாதம் முடிந்து மகளுக்குச் சோறு தீத்தத் தொடங்கியபோது, என்ன கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தகராறும் வரவில்லை. குழையச் சமைத்த சோறு, பருப்பு, பூசணி, கொஞ்சம் தேங்காய்ப்பால். கிளினிக்கில் குடும்பநல மாது சொன்னதும் அதுதான், மாமி சொன்னதும் அதுதான். "கரண்டியைச் சரிச்சா வழியாத பதத்தில மசிச்சுக் குடுங்கோ, கிரைண்டரில அடிச்சுத் தண்ணியாக்க வேண்டாம்" என்பது மட்டும் மிஸ்ஸி கூடுதலாகச் சொன்னது. தகராறு பிறகுதான் வந்தது. பிள்ளை தானே கையால் எடுத்து வாயில் வைக்கத் தொடங்கியதும், துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று.

நான் கரட்டை என் சுட்டுவிரல் நீளத்துக்கும் தடிப்புக்கும் வெட்டி அவித்து அவள் முன்னால் வைத்தேன். மாமி பார்த்துவிட்டுப் பதறினா. "இவ்வளவு பெரிசாக் குடுத்தாத் தொண்டையில சிக்காதே பிள்ளை? சின்னனா நறுக்கு." யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏழு மாதப் பிள்ளையின் கையைக் கவனித்துப் பாருங்கள். விரல் நுனியால் எடுக்கத் தெரியாது, முழுக் கையாலும் பொத்தித்தான் பிடிக்கும். பொத்திய கைக்குள் இருப்பது வாய்க்குப் போகாது. கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் சப்பும், முரசால் நசுக்கும். அப்படி நசுங்கி வருவது கொஞ்சம் கொஞ்சமாக, நாக்கின் முன்பக்கத்தில் வந்து விழும். சின்னத் துண்டை நாமே எடுத்து வாய்க்குள் போட்டால் நிலைமை வேறு. அதை எங்கே வைத்து எப்படி நசுக்குவது என்று அந்த நாக்குக்குத் தெரியாது. அது அப்படியே வழுக்கிப் பின்னால் போய்விடும்.

நீளம் மட்டும் போதாது, மெத்தென்றும் இருக்க வேண்டும். அவித்த துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து இலேசாக அழுத்தினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் திரும்ப அடுப்பில். பச்சைக் கரட், பச்சை அப்பிள் என்றால் எந்த வடிவில் வெட்டினாலும் கொடுக்கக் கூடாது. முன்பல் இரண்டு முளைத்த பிள்ளை அதை டக்கென்று கடித்து உடைத்துவிடும். அரைப்பதற்குக் கடைவாய்ப்பல் இல்லை. முதல் கடைவாய்ப்பல்லே ஒரு வயது தாண்டித்தான் வரும், அதற்குப் பின்னால் உள்ளது இரண்டு வயதையொட்டி அல்லது அதற்கும் பிறகு. மாமிக்கு மனம் மாறியது இந்தப் பல்லுக் கணக்கில்தான்.

பழங்களில் எனக்கு மிக லேசாக இருந்தது வாழைப்பழம். கப்பல் வாழைப்பழத்தை உரித்து, நுனியின் நடுவில் விரலை வைத்து மெல்ல உள்ளே தள்ளினால் பழம் நீளவாக்கில் தானாகவே மூன்றாகப் பிரியும். கத்தியே வேண்டாம். வட்டம் வட்டமாக வெட்டினால்தான் ஆபத்து. மாம்பழம் இன்னொரு விதம். நல்லாய்ப் பழுத்த கறுத்தக்கொழும்பானை விரல் போலச் சீவிக் கொடுத்தால் கையில் நிற்காது, வழுக்கி விழும். வறுத்த உழுத்தம்மாவில் ஒரு பிரட்டுப் பிரட்டினேன், பிடி வந்தது.

சரி, ஓங்காளிப்பு. எல்லாரையும் பயப்படுத்துவது இதுதான். அவித்த பூசணித் துண்டு ஒன்றோடு இருந்தவள் திடீரென்று நாக்கை வெளியே தள்ளி, கண் கலங்கி, முகம் சிவந்து, "க்ஹா க்ஹா" என்று சத்தம் போட்டாள். மாமி ஓடிவந்து முதுகில் தட்டக் கை ஓங்கினா. நான் மறித்தேன். அந்த வயதில் ஓங்காளத்தைத் தூண்டும் இடம் பெரியவர்களுக்கு இருப்பதைவிட நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. துண்டு தொண்டையை நெருங்கும் முன்னரே உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். சத்தமும் இருமலும் இருந்தால் காற்றுப் போய் வருகிறது என்று அர்த்தம். அப்போது வாய்க்குள் விரலை விட்டால் வெளியே வர இருந்ததை உள்ளே தள்ளிவிடுவோம். அவள் துப்பிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். உண்மையான அடைப்பு இதற்கு நேர்மாறு. அழுகை வராது, இருமல் வராது, வாய் திறந்திருக்கும் ஆனால் சத்தம் இராது, உதடு நீலம் பாயும். அடுக்களைக்குள் நின்றால் கேட்காது. அதனால்தான் பிள்ளை சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் முன்னால் இருக்க வேண்டும்.

இருத்தும் விதத்திலும் ஒரு சிக்கல். எங்கள் ஊரில் சோறு தீத்துவது என்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்து, "அங்க காகம் பார், காகம்" என்று மேலே காட்டி, பிள்ளை வாய் பிளக்கும் நேரம் உருண்டையை வைப்பது. தலை பின்னால் சரிந்து, சிரித்துக்கொண்டு, வாயில் சோறு. புரையேறுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? காகத்தை நாங்கள் விடவில்லை. பிள்ளையைச் சுவரோரம் நிமிர இருத்திவிட்டு, காகத்தை அதன் கண்மட்டத்துக்கு மதிலில் காட்டினோம்.

அப்புறம் பல்லுக்கொழுக்கட்டை வந்தது. முதல் பல் முளைத்ததும் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் துணி பிடித்துக் கொழுக்கட்டை கொட்டுவோம். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதிப்பது வழக்கம். சடங்கின் அழகே அந்தப் பல்லுத்தான். ஆனால் மடியில் விழும் கொழுக்கட்டையைப் பிள்ளை எடுத்து வாயில் வைக்காமல் இருக்குமா? தேங்காய்ச் சொட்டு கடினமானது, விரல் நகத்தளவு, எத்தனை அழுத்தினாலும் மசியாது. மாமிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவவே மாவை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பல்லு வைத்தா. "கொட்டுறதுக்கு இது. சனத்துக்குக் குடுக்கிறதில சொட்டு வைப்பம்." படத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்பது மாதத்தையொட்டிப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துத் தரையில் கிடந்த சோற்றுப் பருக்கையைப் பொறுக்கத் தொடங்கினாள். அதுதான் துண்டைச் சின்னதாக்கும் நேரம். ஆனால் அதுவும் உருண்டையாக அல்ல. அவித்த கடலையை விரலால் நசுக்கித் தட்டையாக்கினேன், தோலைக் கழற்றினேன். புட்டை உதிரியாகக் கொடுக்காமல் பாலோ சொதியோ விட்டு ஈரமாக்கினேன். சொதியில் கறிவேப்பிலையைப் பொறுக்கிவிட வேண்டும், அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தும். மீனை விளக்கடியில் வைத்து முள்ளுப் பார்த்து உதிர்த்தோம். நுங்கு வழுக்கும் பண்டம், அதைக் கையால் மசித்தே கொடுத்தோம்.

ஒரு வயதுக்குப் பிறகு எல்லாம் சாப்பிடலாம் என்று வீட்டில் கை தளரும் நேரத்தில்தான் முந்திரிகைப்பழம் வரும். யாழ்ப்பாணத்தில் இதற்குக் குறைவில்லை, சந்தைக்குப் போய் வருகிற எவரும் ஒரு கொத்து வாங்கி வருவார்கள். சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மிக ஒடுக்கம். முந்திரிகை உருண்டை, வழுக்கும், அமுக்கினால் நெளியும், ஆனால் தோல் எளிதில் கிழியாது. அதனால் காற்று வழியில் போய் இறுகினால் போத்தலில் தக்கை அடித்தது போல ஒரு நூலிடை கூட விடாமல் அடைத்துவிடும். கடினமான, கோணல்மாணலான பொருள் சிக்கினால் ஓரத்தால் கொஞ்சம் காற்றாவது போகும். இதில் அதற்கும் வழியில்லை.

இவர் ஒருநாள் பழத்தைக் குறுக்காக இரண்டாக வெட்டி, "இப்ப சரிதானே?" என்று நீட்டினார். இரண்டு பாதியையும் நிமிர்த்திக் காட்டினேன். வெட்டுமுகம் இன்னும் அதே வட்டம், அதே அகலம். குறுக்கே வெட்டினால் உயரம்தான் குறைகிறது, குழாயை அடைக்கும் வட்டம் அப்படியே இருக்கிறது. காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி நீளவாக்கில் பிளந்தால் நான்கு ஒடுங்கிய கீறுகள் வரும். அவற்றில் எந்தப் பக்கமும் வட்டமில்லை. வெட்டிய பிறகு விதையும் வெளியே தெரியும், கத்தி நுனியால் தட்டிவிடலாம். சின்னத் தக்காளி, சொசேஜ், உருண்டையான எதற்கும் இதே வெட்டுத்தான். ஐந்து வயதுவரை இதை விடுவதாயில்லை.

ரம்புட்டான் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். சதை கொட்டையோடு ஒட்டியிருக்கும், பிள்ளை உறிஞ்சும்போது கொட்டையும் சேர்ந்து பின்னால் வழுக்கும். இலங்கையில் பிள்ளைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். சதையை மட்டும் கத்தியால் சீவி எடுத்து மெல்லிய கீலமாகக் கொடுக்கிறோம், முழுப் பழம் அவள் கைக்கு எட்டாது.

இவ்வளவுக்குப் பிறகும் அடைத்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் பழகினோம், மாமி உட்பட. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முகம் கீழே பார்க்க முன்கையில் கிடத்தி, தலை நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வராவிட்டால் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப் பாதியில் ஐந்து தரம் அழுத்தம். மாறி மாறி இதையே தொடர வேண்டும், இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டினால் முதுகில் ஐந்து அடி அப்படியே, நெஞ்சழுத்தத்துக்குப் பதிலாகப் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்நோக்கி மேலாக அழுத்துவது. கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவக் கூடாது. பிள்ளை மயங்கிவிட்டால் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்க வேண்டும். பொம்மையில் செய்து பார்க்காமல் வாசித்து மட்டும் இது கைக்கு வராது.

நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கடைகளைக் கடந்து போவதுதான் இப்போது பாடு. போன தரம் தெரிந்த ஒரு அக்கா அன்பாக ஒரு பிடி கச்சானை அவள் கையில் வைக்கப் போக, மாமி முந்திக்கொண்டு வாங்கித் தன் பையில் போட்டுவிட்டு, "இவளுக்குக் கடைவாய்ப்பல் இன்னும் முழுக்க வரேல்லை" என்றா. வீட்டுக்கு வந்து அதை வறுத்துத் தோல் புடைத்து மாவாக இடித்து, குரக்கன் கூழில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தா.