தரவைப் புல்லுக்கு எந்த அளவு குவாட்ராட்?

மருமகனின் தாவரச் செய்முறைக்கு இடம் வேலணைப் பக்கம் மாடு மேயும் ஒரு தரவை. இனங்களை எண்ண நிலத்தில் வைக்கும் சதுரச் சட்டமான குவாட்ராட்டை எல்லாரும் ஒரு மீற்றர் பக்கத்தில்தான் போடுகிறார்கள், ஆனால் அது இந்தப் புல்லுக்குப் போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் இந்த முறை பார்த்தோம்.

மாரி மழை விட்டு நிலம் காய்ந்த கையோடு போனோம். கோடையில் போனால் ஓராண்டுப் பூண்டுகள் கருகிவிடும், கணக்கும் மாறிவிடும். ஒரு மூலையில் முளை அடித்து 25 சென்ரிமீற்றர் சதுரத்துக்குக் கயிறு கட்டினோம். பிறகு அதே மூலையை வைத்தே ஒவ்வொரு முறையும் பரப்பை இரட்டிப்பாக்கி, புதிதாக வந்த இனங்களை மட்டும் எழுதினோம். வேர் கயிற்றுக்கு உள்ளே இருந்தால்தான் கணக்கு. அறுகு வெளியிலிருந்து ஓடி வந்தாலும் உள்ளே ஒரு கணுவில் வேர் விட்டிருந்தால் சேர்த்தோம். மாடு கடித்த புல்லில் பூங்கதிர் இராது, ஆகவே தண்டை விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. பெயர் தெரியாததற்கு 'அ', 'ஆ' என்று பெயரிட்டுப் பழைய பேப்பருக்குள் வைத்தோம்.

கால் சதுர மீற்றரில் 7 இனம், 1 சதுர மீற்றரில் 12, 2இல் 14, 4இல் 15, 8இல் 16, 16இல் 17. பரப்புக்கு எதிராக இன எண்ணிக்கையைக் கீறினோம், வளைவு மட்டமாகும் இடம்தான் போதுமான அளவு. வரைபைப் பார்த்ததும் மருமகன், "மாமா, 4இலேயே மட்டமாயிட்டுது" என்றான். கிடை அச்சைச் சுருக்கி வேறு தாளில் கீறச் சொன்னேன். அதே புள்ளிகள், ஆனால் வளைவு 1இலேயே மடிவதுபோல் தெரிந்தது. அச்சின் அளவை மாற்றினால் 'மட்டமாகும்' இடமும் கண்ணுக்கு நகரும். இதைக் கெய்ன் என்ற தாவரவியலாளர் 1938இலேயே சுட்டிக்காட்டி, கண்மதிப்புக்குப் பதிலாக ஒரு விதி சொன்னார்: பரப்பு முழுப் பரப்பின் பத்து வீதத்தால் கூடும்போது இனங்களும் மொத்த இனங்களின் பத்து வீதத்தால் மட்டுமே கூடும் இடத்தைப் பிடி. வரைபில் அதற்கு, பூச்சியத்திலிருந்து கடைசிப் புள்ளிக்கு அடிமட்டத்தால் ஒரு கோடு போட்டு, அதற்குச் சமாந்தரமான இன்னொரு கோடு வளைவைத் தொடும் இடத்தைப் பார்த்தால் சரி.

எங்கள் கோட்டின் சரிவு 17/16, ஏறக்குறைய சதுர மீற்றருக்கு ஓர் இனம். 1இலிருந்து 2 வரை இரண்டு இனம் கூடியது, 2இலிருந்து 4 வரை சதுர மீற்றருக்கு அரை இனம்தான். வளைவின் சரிவு கோட்டின் சரிவுக்குக் கீழே இறங்குவது 2இல், ஆகவே விடை 2 சதுர மீற்றர்.

ஆனால் இந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. 4 சதுர மீற்றரோடு நிறுத்தியிருந்தால் கோட்டின் சரிவு 15/4, விடை 1 சதுர மீற்றர். எவ்வளவு தூரம் கயிறு கட்டினோமோ அதற்கேற்ப விடையும் வளர்கிறது. அதனால் அறிக்கையில் 'குறைந்தபட்சப் பரப்பு 2' என்று மட்டும் எழுத விடவில்லை, '16 சதுர மீற்றர் வரை பார்த்ததில்' என்றும் சேர்க்கச் சொன்னேன்.

இனி 1.4 மீற்றர் பக்கமுள்ள சதுரமாகக் கயிறு வெட்டவேண்டும். 1க்கு 2 நீள்சதுரமும் ஆகும், ஆனால் சுற்றளவு கூட, விளிம்பில் 'உள்ளேயா வெளியேயா' என்ற சண்டையும் கூட.