முட்டை அலர்ஜி உள்ள மகளுக்கு ஃப்ளூ ஊசி: மூன்று முறை அலைந்த கதை

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு ஃப்ளூ வந்து, மூச்சிரைப்பு கூடி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அவளுக்கு வயது ஏழு, ஏற்கெனவே வீசிங் உண்டு. டிஸ்சார்ஜ் செய்த டாக்டர் "அடுத்த மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுடுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இது அரசாங்கத் தடுப்பூசி அட்டவணையில் கிடையாது, காசு கொடுத்துத் தனியாரில்தான் போடவேண்டும் என்பது தெரியும். மே மாதம் ஸ்கூல் லீவில் போட்டுவிட்டால் ஜூன் மழைக்குள் பலன் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குப் பாலக்காடும் பொள்ளாச்சியும் எட்டுகிற தூரம்தான். முதலில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டோக்கன், பில், எல்லாம் முடிந்து ஊசி அறைக்குள் உட்கார்ந்த பிறகு நர்ஸ் கேட்டார்: "குட்டிக்கு முட்டை அலர்ஜி உண்டோ?" உண்டு என்றேன். ஒரு வயதில் அவித்த முட்டையின் வெள்ளையைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்துப்போன விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார். மருந்தோடு வந்த தாளை விரித்து, முட்டைப் புரதம் ஒவ்வாதவர்களுக்குக் கூடாது என்ற வரியைக் காட்டினார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார், அவர் வந்தாலும் இதைத்தான் சொல்வார் என்று பதில். பணத்தைத் திரும்ப வாங்கவே ஒரு மணி நேரம் ஆனது. அன்று எனக்கு நர்ஸ் மேல் கோபம். அந்தத் தாளில் அப்படி அச்சிட்டிருந்தது உண்மைதான். ஆனால் தாளைத் தாண்டி யாரிடமும் கேட்க வழியில்லாமல் திருப்பி அனுப்பியதுதான் தவறு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். ஆஸ்பத்திரி ஃபைலை வீட்டில் மறந்துவிட்டுப் போனது என் பிழை. அவர் ஃபைல் இல்லாமல் போட மாட்டேன் என்றார். ஆனால் அந்தப் பயணம் முழுக்க வீண் இல்லை, ஏனென்றால் அவர் உட்கார்ந்து பேசினார்.

முதலில் அவர் கேட்டது, "பாப்பா கேக், பிஸ்கட் சாப்பிடுவாளா?" சாப்பிடுவாள், அவித்த முட்டையும் ஆம்லெட்டும்தான் ஒத்துக்கொள்ளாது. "அப்போ இன்னும் நிம்மதியா இருங்க. கேக்கே சாப்பிடாத குழந்தையா இருந்தாலும் இந்த ஊசி போடுவேன்" என்றார். பிறகு விளக்கினார். பெரும்பாலான ஃப்ளூ ஊசிக்கு வைரஸைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் வளர்க்கிறார்கள். வளர்ந்த வைரஸை எடுத்து, ரசாயனம் சேர்த்துக் கொன்று, துண்டுதுண்டாக உடைத்துச் சுத்தப்படுத்துகிறார்கள். அதற்குப் பின்னும் முட்டைப் புரதம் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும். அது பொதுவாக ஒரு டோஸில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. முழு முட்டை ஒன்றில் இருக்கும் புரதம் ஏறத்தாழ ஆறு கிராம். முட்டை தின்றால் தடிக்கிற உடம்பு அந்தத் துளிக்கும் அப்படியே தடிக்கும் என்று நினைப்பதுதான் பழைய பயம். கடுமையான முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கும் போட்டுப் பார்த்து, பாதுகாப்பாக இருப்பது தெரிந்த பிறகு அந்தப் பயம் விலகியது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2023-24 பருவத்திலிருந்து, முட்டை அலர்ஜிக்கென்று தனி முன்னெச்சரிக்கை எதுவும் தேவையில்லை, எல்லாத் தடுப்பூசிக்கும் உள்ள கவனமே போதும் என்று சொல்லிவிட்டது. மருந்துத் தாளில் மட்டும் பழைய வரி இருக்கிறது.

"அப்போ யாருக்குத்தான் கூடாது?" என்று கேட்டேன். முன்பு ஃப்ளூ ஊசி போட்டே மூச்சுத்திணறல், மயக்கம் என்று கடுமையான அலர்ஜி வந்தவர்களுக்கு. இன்னொன்றும் எச்சரித்தார்: இதை மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குப் பொருத்திவிடாதீர்கள், அதற்கு முட்டை அலர்ஜி இன்றும் முக்கியமான விஷயம்.

மூன்றாவது பயணத்தில் ஃபைலோடு போனோம். ஊசி போட ஒரு நிமிடம். கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்து பக்கத்தில் தயாராக இருந்தது, அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். எந்த ஊசிக்கும் அபூர்வமாக வரக்கூடிய கடுமையான அலர்ஜி, பத்து லட்சம் டோஸில் ஒன்றிரண்டு, பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடுமாம். பாப்பா அந்த அரைமணி நேரமும் கதவோரம் நின்று மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் அவள் கழுத்தையும் கையையும்தான் தடவிக்கொண்டிருந்தது. ஒரு தடிப்பும் வரவில்லை.

அன்று இரவு ஊசி போட்ட கை வலி, உடம்பு 100 டிகிரி. பாரசிட்டமால் கொடுத்தேன். மறுநாள் மாலை எல்லாம் சரி. ஐந்தாம் நாள் மூக்கு ஒழுகலும் இருமலும் தொடங்கியபோதுதான் வீட்டில் பிரளயம். "நான் அப்பவே சொன்னேன்ல கண்ணு, காச்சல ஊசியிலயே ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டயே" என்று அத்தை அழுதுவிட்டார். பேத்தி மேல் உள்ள பாசம்தான், ஆனால் எனக்கு அன்று தூக்கம் இல்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்ன அடையாளம் எல்லாத் தாய்மாருக்கும் தெரிய வேண்டும். ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொடங்கும், ஓரிரு நாளில் போய்விடும். கைவலி, உடம்புவலி, அசதி இருக்கும். மூக்கொழுகலோடும் இருமலோடும் தொண்டைவலியோடும் ஐந்தாம் நாள் வருவது வேறொரு கிருமி. ஊசியில் இருப்பது கொன்று உடைத்த வைரஸ், அதற்குப் பெருகும் உயிர் இல்லை, அதனால் அது ஃப்ளூவைத் தர முடியாது. மூக்கில் அடிக்கும் வகையில்தான் வலுக் குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கும், நாங்கள் போட்டது அது இல்லை. ஊசியின் பாதுகாப்பு முழுதாக வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதற்குள் ஊரில் சுற்றும் ஃப்ளூவே வந்தாலும் ஊசியைக் குறை சொல்ல முடியாது. சாதாரண சளி தரும் மற்ற வைரஸ்களுக்கோ இந்த ஊசி எந்தக் காலத்திலும் தடை இல்லை. விசாரித்தால், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று நாள் முன்பே அதே சளி.

"ஆனா ஊசியாலதான்னு நினைச்சு மூச்சிரைப்ப விட்டுடாதீங்க, இரைப்பு கேட்டா இன்ஹேலர் கொடுத்துட்டு உடனே வாங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகவே போன் செய்தது நல்லதாயிற்று. அன்று இரவே லேசான இரைப்பு கேட்டது. இன்ஹேலர் கொடுத்து, காலையில் போய்க் காட்டி, சமாளித்தோம்.

ஒன்பது வயதுக்குள் முதல்முறை போடுபவர்களுக்கு நான்கு வாரம் விட்டு இரண்டாவது டோஸும் உண்டு. அதைத் தவறவிடாமல் நாளைக் காலண்டரில் குறித்து வைத்தேன். இம்முறை அத்தையும் எங்களோடு பஸ் ஏறினார். அன்று கைவலியோடு சரி, காய்ச்சலே இல்லை. கிளம்பும் முன் நான் கேட்டு வாங்கியது ஒன்று: ஊசி அட்டையில் டாக்டர் கைப்பட, முட்டை அலர்ஜி உண்டு, ஃப்ளூ ஊசி இரண்டு டோஸ் போட்டாயிற்று, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார். அடுத்த மே மாதம் எந்த ஊசி அறையில் கேட்டாலும் அந்த அட்டையை முதலில் நீட்டுவேன்.